பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவுக்கு எத்தனை டைல்?

மாத்தளை மாவட்டத் தோட்டங்களில் அறை என்றாலே பலருக்கு 10க்கு 12 அடி லயக் காம்பராதான் நினைவுக்கு வரும். அந்த அறைக்கு டைல் பதிக்கப் போனால் கடையில் ஒரு சுலபக் கணக்குச் சொல்வார்கள்: 120 சதுர அடி, இரண்டுக்கு இரண்டு டைல், 30 போதும், வெட்டுக்கழிவுக்குப் பத்து வீதம் சேர்த்தால் 33.

ஆனால் அந்த டைலின் உண்மையான அளவு 60 சென்ரிமீற்றர்தான். இரண்டு அடி என்பது 61. பூச்சுக்குப் பிறகு அறையின் அகலம் 305, நீளம் 366 என்று வைப்போம். அகலத்தில் ஐந்து டைல் 300ஐ மூடும், ஐந்து மிஞ்சும். நீளத்தில் ஆறு டைல் 360ஐ மூடும், ஆறு மிஞ்சும். இந்த ஒல்லிப் பட்டியை வெட்டினால் உடையும். உடையாவிட்டாலும் சுவரோரம் அசிங்கமாகத் தெரியும்.

இதற்கு வழி இரண்டு. டைலுக்கு டைல் 3 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, முழு டைல்களை அறையின் நடுவில் அமைத்தால் ஒவ்வொரு சுவரோரமும் சுமார் இரண்டு சென்ரிமீற்றர் மட்டும் மிஞ்சும். ஸ்கர்ட்டிங் டைலின் தடிப்பும் அதன் பின்னாலுள்ள சாந்தும் அதை மறைத்துவிடும். தரைக்கு 30, நான்கு அங்குல ஸ்கர்ட்டிங் வெட்ட ஐந்து, ஸ்கர்ட்டிங் வராத வாசலடிப் பட்டிக்கு ஒன்று, ஆக 36. பெட்டிக்கு நான்கு என்றால் ஒன்பது பெட்டி.

சுவர் நேராக இருந்தால்தான் இது சரிவரும். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் 476 சென்ரிமீற்றர் அளவில் ஒத்திருக்க வேண்டும். பழைய கல்சுவர்களில் பெரும்பாலும் ஒத்திருக்காது. இரண்டு மூன்று சென்ரிமீற்றர் வித்தியாசம் வந்தாலே ஒரு மூலையில் இடைவெளி ஸ்கர்ட்டிங்குக்கு வெளியே தெரியும்.

அப்படிப்பட்ட அறைக்கு நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். நடுவில் 20 முழு டைல், சுற்றிலும் ஏறக்குறைய 33 சென்ரிமீற்றர் துண்டுகள். அரைவாசியைவிடச் சற்றுக் கூடிய துண்டு என்பதால் ஒரு டைலில் ஒன்றுதான் கிடைக்கும். ஓரத்துக்கு மட்டும் 22 டைல் போய்விடும். மொத்தம் 42, அதாவது பதினொரு பெட்டி. பத்து வீதக் கணக்கோடு வந்தவருக்கு ஒன்பது டைல் குறையும். ஆனால் மிஞ்சும் 27 சென்ரிமீற்றர் துண்டுகளிலேயே ஸ்கர்ட்டிங் முழுவதும் வெட்டிவிடலாம்.

டைல் ஒன்று 1,500 ரூபா, பதிகூலி சதுர அடிக்கு 150, டைல் பசை மூன்று பை 4,500 என்று வைத்துக்கொண்டால், முதல் வழியில் 76,500 ரூபா, இரண்டாவதில் 88,500. ஸ்கர்ட்டிங் கூலியும் இடைவெளி நிரப்பும் பூச்சும் இதில் சேரவில்லை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

குறைந்ததைப் பிறகு வாங்கலாம் என்று விடாதீர்கள். ஒரே டைலாக இருந்தாலும் அடுத்த சூளையில் வெந்தது நிறம் சற்று மாறலாம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் நிற இலக்கம் எல்லாப் பெட்டியிலும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள். பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுப்பார்களா என்றும் காசு கொடுக்குமுன் கேளுங்கள்.