மங்கிய அறையில் வீணை வகுப்பு: வெப்கேமை எப்படிச் சரிசெய்வது?

சென்னையில் விடியற்காலை ஐந்தரை மணி என்றால் நியூயார்க்கில் முந்தைய நாள் இரவு ஏழு அல்லது எட்டு மணி. அமெரிக்காவில் வளரும் பிள்ளைகளுக்கு இணையவழியில் கர்நாடக இசை சொல்லித்தரும் ஆசிரியர்கள் இப்படிப்பட்ட நேரங்களில்தான் வகுப்பைத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஜன்னலில் வெளிச்சம் வந்திருக்காது. வீட்டில் மற்றவர்கள் தூங்குவதால் ஒற்றை விளக்குதான் எரியும். வாய்ப்பாட்டு வகுப்பில் படம் கொஞ்சம் மங்கினாலும் சமாளித்துவிடலாம். வீணை வகுப்பில் அது நடக்காது. கமகம் வாசிக்கும்போது இடது கை விரல் தந்தியை எவ்வளவு இழுக்கிறது, எந்த மெட்டில் நிற்கிறது என்பதை மாணவர் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

படம் இருட்டாக இருந்தால் பெரும்பாலோர் முதலில் ஏற்றுவது Brightness என்ற அளவைத்தான். ஆனால் அது கேமராவுக்குள் ஒரு துளி வெளிச்சத்தைக்கூடக் கூடுதலாகக் கொண்டுவருவதில்லை. சென்சார் ஏற்கெனவே பிடித்துவிட்ட படத்தில், எல்லாப் புள்ளிகளையும் ஒரே அளவு வெளுப்பாக்குகிறது, அவ்வளவுதான். கறுப்பு முடி சாம்பல் நிறமாகும். படம் முழுவதும் புகை படிந்தாற்போல் தோன்றும். இருட்டில் பதிவாகாமல் போன விரல் அதனால் திரும்பி வராது.

வெளிச்சம் குறையும்போது கேமரா தானாகவே இரண்டு காரியங்களைச் செய்கிறது. ஒன்று, ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை வாங்கும் நேரத்தை நீட்டுகிறது. நொடிக்கு 30 படம் அனுப்ப வேண்டுமானால், ஒரு படத்துக்கு அதிகபட்சம் 1/30 நொடிதான் கிடைக்கும். அது போதாதபோது கேமரா 1/15 நொடி எடுத்துக்கொண்டு, படங்களின் எண்ணிக்கையை 15 ஆகக் குறைத்துவிடும். அந்த நேரத்துக்குள் அசையும் விரல் ஒரு தீற்றலாகத்தான் பதியும்.

மற்றொன்று, சென்சார் தரும் வலுவற்ற மின்குறியைப் பெருக்குகிறது. இதற்கு Gain என்று பெயர். ஒளியோடு இரைச்சலும் சேர்ந்து பெருகுவதால் சுவரிலும் முகத்திலும் பொடிப்பொடியான புள்ளிகள் துள்ளும். இந்தப் புள்ளிகள் அடுத்தடுத்த படங்களில் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், வீடியோவைச் சுருக்கி அனுப்பும் மென்பொருள் அவற்றையும் அசைவு என்றே எடுத்துக்கொள்கிறது. இணைய வேகத்தின் ஒரு பங்கு வெறும் இரைச்சலுக்குச் செலவாகி, எதிர்முனையில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. இணையம்தான் மோசம் என்று ஆசிரியர் நினைத்துக்கொள்வார். உண்மையான காரணம் அறையின் இருட்டு.

நடைமுறையில் இதைச் சரிசெய்யும் வழிக்கு ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். பின்னால் வெள்ளைச் சுவர், அதன் மேல் ஒரு டியூப் லைட், எதிரே விண்டோஸ் கணினியில் செருகிய வெப்கேம். தானியங்கி முறையில் இருக்கும் கேமரா, படம் முழுவதையும் சராசரியாக்கி நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சுவர் பளிச்சென்று இருப்பதால் மொத்தப் படத்தையும் குறைக்கும்; மாநிறமான முகமும் கையும் இருண்டுபோகும். ஆகவே முதல் வேலை, டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஒரு மேசை விளக்கைக் கேமராவின் பக்கத்திலிருந்து கையின் மேல் படும்படி வைப்பது. விளக்கு ஒரு மீட்டர் தொலைவில் இருந்தால் அரை மீட்டருக்குக் கொண்டுவரலாம். தொலைவு பாதியாகும்போது கையில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். எந்த அமைப்பும் படத்தின் தரத்தைக் கெடுக்காமல் இவ்வளவு தர முடியாது.

அடுத்தது ஒளி வாங்கும் நேரம். ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருளில் கேமராவைச் சேர்த்து, Configure Video என்ற பொத்தானை அழுத்தினால் கேமராவின் சொந்த அமைப்புகள் திறக்கும். Camera Control பக்கத்தில் Low Light Compensation என்ற குறி இருந்தால் அதை எடுத்துவிட வேண்டும். இருட்டில் படங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது அதுதான். பிறகு Exposure பக்கத்தில் உள்ள Auto குறியை எடுத்துவிட்டு, அளவை -5 என்று வைக்கலாம். இந்த எண்கள் இரண்டின் அடுக்குகள்: -5 என்றால் 1/32 நொடி, -4 என்றால் 1/16 நொடி. முதலாவது, 30 படங்களுக்குள் அடங்குகிறது.

இந்தியாவில் -5 பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. 1/32 நொடியில் ஏறக்குறைய மூன்று முழு மினுங்கல்கள் அடங்கிவிடும். -6 வைத்தால் ஒன்றரை மினுங்கல்தான் அடங்கும்; படத்தில் பட்டை பட்டையாக நிழல் ஓடினால் அதுவே அடையாளம். PowerLine Frequency என்ற அமைப்பு தென்பட்டால் அதையும் 50 ஹெர்ட்ஸில் வைக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் படம் இருட்டாக இருந்தால், புள்ளிகள் துள்ளத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்வரை Gain-ஐ ஏற்றலாம்.

இப்போதுதான் நிறத்தின் முறை. மஞ்சள் பல்பின் ஒளி சுமார் 2700 கெல்வின். வெள்ளை டியூப் லைட் சுமார் 6500. இரண்டும் ஒரே அறையில் எரிந்தால் கேமராவால் ஒன்றுக்குத்தான் சரியாக ஈடுகொடுக்க முடியும்: முகம் சரியானால் சுவர் நீலமாகும். டியூப் லைட்டை அணைத்ததில் இந்தத் தொல்லையும் தீர்ந்துவிடுகிறது. இனி White Balance-இன் Auto குறியை எடுத்துவிட்டு, விளக்கொளியில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, அது மஞ்சளாகவும் நீலமாகவும் தெரியாத இடம்வரை அளவை நகர்த்த வேண்டும். எண்ணை ஏற்றினால் படம் மஞ்சள் பக்கம் போகும். இறக்கினால் நீலத்தின் பக்கம். அதற்கு முன் கணினித் திரையின் Night light அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். திரையே மஞ்சளாக இருந்தால் கண் ஏமாந்துவிடும்.

Contrast கடைசி. வீணையின் மெட்டுகள் கறுப்பு மெழுகின் மேல் பதிந்த உலோகக் கட்டைகள். Contrast-ஐ அதிகம் ஏற்றினால் மெட்டுகள் வெள்ளைத் திட்டுகளாகவும் மெழுகு வெறும் கறுப்பாகவும் மாறி, இடையில் இருக்கும் விரலின் நிழல் தொலைந்துபோகும். ஆரம்ப அளவிலேயே விட்டுவிட்டு, முகம் இன்னும் சற்றுத் தெளிய வேண்டுமானால் Gamma-வைக் கொஞ்சம் நகர்த்துவது மேல். அது கறுப்பைப் பெரும்பாலும் தொடாமல் நடுத்தர நிழல்களை மட்டும் உயர்த்தும்.

மடிக்கணினியோடு வரும் கேமராக்கள் பலவற்றில் Exposure-ஐக் கையால் மாற்ற முடியாது. அங்கே விளக்கை நெருக்கி வைப்பதே முக்கிய வழி. ஜூமில் உள்ள Adjust for low light ஓரளவு உதவும். ஆனால் அதுவும் பிடித்த படத்தைப் பின்னால் வெளுக்கும் வேலைதான். கேமராவைக் கையால் சரிசெய்தவர்கள் அதை அணைத்துவிடலாம்.

தன் திரையில் தெரியும் சொந்தப் படத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அது சுருக்கி அனுப்பப்படுவதற்கு முந்தைய படம். கைப்பேசியிலிருந்து, ஒலியை அணைத்துவிட்டு, அதே அழைப்பில் சேர்ந்து ஒரு கமகம் வாசித்துப் பார்த்தால் மாணவர் காண்பது என்ன என்று தெரியும். சில கேமராக்கள் கழற்றிச் செருகியதும் பழைய தானியங்கி முறைக்கே திரும்பிவிடும். அதனால் சரியாக அமைந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கணினிக்கு அருகில் ஒட்டிவையுங்கள். வகுப்புக்கு ஐந்து நிமிடம் முன்பு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.