அரக்குச் சேலை சந்தன நிறமாகும்போது

ஜவுளிக்கடைகளின் கேட்டலாக்கில் ஒரே சேலை ஆறேழு நிறங்களில் இருக்கும். அத்தனையையும் மாடலுக்கு உடுத்திப் படம் எடுக்க நேரமிருக்காது. ஒரு நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைக் கணினியில் மாற்றித் தரச் சொல்வார்கள். அரக்குச் சேலையில் எடுத்த படத்தைச் சந்தன நிறமாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஃபோட்டோஷாப்பில் சேலையைத் தேர்ந்தெடுத்து, `Hue/Saturation` திறந்து, நிறத்தைத் திருப்பி, வெளிச்சத்தைக் கூட்டினால் வேலை முடிந்ததுபோலத்தான் தோன்றும். படத்தைப் பெரிதாக்கினால் மடிப்புகளில் வரிவரியாகப் பட்டைகள் தெரியும். நிழலிலிருந்து வெளிச்சத்துக்கு வழுக்கிக்கொண்டு போகவேண்டிய பட்டு, படிக்கட்டாக நிற்கும். முகத்தையும் தொட்டிருந்தால் கன்னத்தில் இளஞ்சிவப்பும் மங்கிய பச்சையுமாகத் திட்டுகள் இருக்கும்.

இரண்டும் ஒரே கோளாறு என்று பலரும் நினைத்து, இரண்டுக்கும் மங்கலாக்கும் ஃபில்டரையே போடுகிறார்கள். உண்மையில் பட்டைக்கு ஒரு காரணம், திட்டுக்கு வேறொரு காரணம். அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் மருந்து கிடைக்கும்.

முதலில் பட்டை. எட்டு பிட் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை 256 நிலைகள் உண்டு. படம் முழுவதற்கும் இது தாராளம். ஆனால் ஒரு கரிய சேலை அதில் சிறு துண்டை மட்டுமே பயன்படுத்துகிறது. நம் அரக்குச் சேலையில் மடிப்பின் வெளிச்சமான இடம் சிவப்பு 150, பச்சை 20, நீலம் 40 என்றும், நிழலான இடம் 60, 8, 16 என்றும் இருக்கட்டும். மூன்றையும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாகக் கூட்டிக் கணக்கிடும் சூத்திரம் இது:

```
Y = 0.299 R + 0.587 G + 0.114 B
```

இதன்படி நிழலின் வெளிச்சம் 24, மேட்டின் வெளிச்சம் 61. ஆக, மடிப்பு முழுவதும் 38 நிலைகளுக்குள் அடங்கிவிடுகிறது. சந்தன நிறத்தில் அதே மடிப்பு ஏறத்தாழ 110 முதல் 220 வரை பரவ வேண்டும். 38 நிலைகளை 111 இடங்களில் விரித்தால், ஒவ்வொரு நிலைக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூன்று எண் தாவல் வரும். மடிப்பு 600 பிக்ஸல் அகலம் என்றால் ஏறக்குறைய 16 பிக்ஸலுக்கு ஒரு படி. கண்ணில் படும் வரிகள் இவைதான். ஹிஸ்டோகிராம் பார்த்தால் மலை போன்ற வடிவத்துக்குப் பதிலாக இடைவெளி விட்டு நிற்கும் கம்பிகள் தெரியும். ஸ்திரையே சில நேரம் பட்டை காட்டும் என்பதால், `Info` பேனலைத் திறந்து, கர்சரை மடிப்பின் குறுக்கே மெல்ல நகர்த்திப் பாருங்கள். எண்கள் மூன்று மூன்றாகத் தாவினால் கோளாறு கோப்பில் இருக்கிறது. ஒவ்வொன்றாக மாறியும் பட்டை தெரிந்தால் அது மானிட்டரின் குறை.

இந்தக் கணக்கிலிருந்தே முதல் பாடம் கிடைக்கிறது. சந்தனத்தை அரக்காக்கினால் 111 நிலைகள் 38-க்குள் சுருங்கும். தாவல் எதுவும் வராது. எந்த நிறத்தில் படமெடுப்பது என்று தீர்மானிக்கும் வாய்ப்பு இருந்தால், இருப்பதிலேயே வெளிர் நிறச் சேலையைத்தான் உடுத்தச் சொல்ல வேண்டும். படப்பிடிப்பு முடிந்தபின் செய்யும் எந்தத் திருத்தமும் இதற்கு ஈடாகாது.

அரக்குதான் கையில் இருக்கிறது என்றால், வெளிச்சத்தை எங்கிருந்து எடுப்பது என்று யோசிக்க வேண்டும். மேலே சொன்ன எண்களைத் திரும்பப் பாருங்கள். மொத்த வெளிச்சம் 38 நிலைகள்தான். சிவப்பு சேனலோ 60-இலிருந்து 150 வரை 91 நிலைகள் ஓடுகிறது. `Channel Mixer`-இல் `Monochrome` வைத்து, சிவப்பை 100, மற்ற இரண்டையும் 0 ஆக்கினால் மடிப்பின் கருப்பு வெள்ளைப் படம் கிடைக்கும். அதை 110 முதல் 220 வரை விரித்தால் தாவல் ஒன்றே கால்தான். ஜேபெக் சுருக்கத்தில் 91-உம் முழுசாகப் பிழைத்திருக்காது. ஆனாலும் வெளிச்சத்தை மட்டும் எடுப்பதைவிடப் பெரிய லாபம். சிவப்புத் துணிக்குச் சிவப்பு, கரும்பச்சைக்குப் பச்சை என்று, எந்தச் சேனலில் மடிப்பு அதிகம் விரிந்திருக்கிறதோ அதை எடுங்கள்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஜேபெக் கோப்பு சிவப்பு, பச்சை, நீலமாகச் சேமிப்பதே இல்லை. வெளிச்சத்தைத் தனியாகவும், நிறத்தை இரண்டு தனிப் பகுதிகளாகவும் பிரித்து வைக்கிறது. நம் கண் வெளிச்ச நுணுக்கத்தை அதிகமாகவும் நிற நுணுக்கத்தைக் குறைவாகவும் பார்க்கும். அதனால் மிகப் பல கோப்புகளில் நிறப் பகுதி நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கப்படுகிறது. நான்கு பிக்ஸலுக்கு ஒரு நிறம் என்று பொருள். இந்த முறைக்கு 4:2:0 என்று பெயர். திறக்கும்போது சிவப்பு சேனல் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் மறுபடி உருவாகிறது. ஆகவே அகலமான மடிப்பில் அது வழவழப்பாக இருந்தாலும், ஜரிகை ஓரத்திலும் நெசவு இழையிலும் கலங்கலாக இருக்கும். மடிப்புக்குச் சிவப்பு சேனல், பார்டருக்கும் புட்டாவுக்கும் மொத்த வெளிச்சம் என்று மாஸ்க் போட்டுப் பிரித்துக்கொள்வதே சரி.

நிறம் இப்படி அரைகுறையாகச் சேமிக்கப்படுவதுதான் திட்டுகளுக்குக் காரணம். ஜேபெக் 8-க்கு 8 பிக்ஸல் கட்டங்களாகப் படத்தை வெட்டிச் சுருக்குகிறது. நிறம் ஏற்கெனவே பாதியாகிவிட்டதால், அதன் ஒரு கட்டம் உண்மையான படத்தில் 16-க்கு 16 பிக்ஸலை மூடுகிறது. அதோடு வெளிச்சத்தைவிட முரட்டுத்தனமாகவும் அதைச் சுருக்குகிறார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்குள் சிறு நிற வேறுபாடு இருக்கும். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. நாம் `Saturation` கூட்டினாலோ, மேடை விளக்கின் ஊதாவை முகத்திலிருந்து விலக்க கர்வ்ஸை வளைத்தாலோ, அந்தச் சிறு வேறுபாடும் சேர்ந்து பெரிதாகும். வெள்ளை, சாம்பல், கிரீம் துணிகளில் இது இன்னும் மோசம். நிறமே ஏறக்குறைய இல்லாத இடத்தில் மிஞ்சியிருப்பது சுருக்கத்தின் பிழை மட்டும்தான். அதைத்தான் நாம் ஊதிப் பெரிதாக்குகிறோம்.

ஆகவே துணியில் பழைய நிறத்தைத் திருப்பாதீர்கள். அதைக் கழற்றிவிட்டுப் புதிய நிறத்தைப் போடுங்கள். மேலே எடுத்த கருப்பு வெள்ளை மடிப்பின் மேல் `Gradient Map` வைத்து, நிழலுக்கு அடர்ந்த பழுப்பு, நடுவுக்குச் சந்தனம், மேட்டுக்கு வெளிறிய கிரீம் என்று மூன்று நிறம் கொடுத்தால், பழைய நிறத்தின் கட்டங்கள் மிஞ்ச வழியில்லை. ஒரே நிறத்தை `Color` முறையில் பூசினாலும் கட்டங்கள் போகும். ஆனால் பட்டு பிளாஸ்டிக் போலாகிவிடும். பட்டின் மினுக்கத்தில் நிறம் வெளிறும், நிழலில் அடரும். மூன்று நிறம் கொடுப்பது அதற்காகத்தான்.

மயில்கழுத்து நிறம் போன்ற இரட்டை நிறப் பட்டுக்கு மட்டும் இது ஒத்துவராது. பாவும் ஊடையும் வேறு வேறு நிறமானதால், மடிப்பு திரும்பும் கோணத்துக்கேற்ப நிறமே மாறுகிறது. வெளிச்சத்தை மட்டும் வைத்து அதைத் திரும்பப் பெற முடியாது. அப்படிப்பட்ட சேலையை மறுபடி படமெடுக்கச் சொல்வதுதான் நேர்மை.

இனி, வேலையை எந்த வரிசையில் செய்வது என்பது. கோப்பைத் திறந்ததும் `Image > Mode > 16 Bits/Channel`, கிம்ப் 2.10 பதிப்பில் `Image > Precision`. இதனால் படத்தில் புதிதாக எந்த நிலையும் முளைக்காது. 38 நிலை 38-ஆகவே இருக்கும். ஆனால் இதற்குப் பின் செய்யும் ஒவ்வொரு திருத்தத்திலும் எண்கள் முழு எண்ணாக வெட்டப்படாமல் பிழைத்திருக்கும். அதைவிட முக்கியம், நடுவில் வரும் எண்களை வைத்துக்கொள்ள இப்போது இடம் இருக்கிறது. அந்த இடத்தை நிரப்ப வேண்டியது நாம்தான்.

ஃபோகஸ் இல்லாமல் மங்கியிருக்கும் முந்தானை, சாட்டின் போன்ற வழவழத் துணி, இழை தெரியாத அகல மடிப்பு ஆகியவற்றை மாஸ்க் செய்து, வெளிச்சத்தை விரிப்பதற்கு முன்பே `Gaussian Blur` கொடுங்கள். நம் படி 16 பிக்ஸல் அகலம். எட்டுப் பத்துப் பிக்ஸல் ஆரம் போதும். 16 பிட்டில் இருப்பதால் இரண்டு படிகளுக்கு நடுவே உண்மையான இடைநிலைகள் உருவாகும். எட்டு பிட்டில் இதையே செய்தால் பயனில்லை, இடையில் எண்ணே கிடையாது. இழை தெரியும் இடத்தில் இதைச் செய்யக் கூடாது. நெசவின் சொரசொரப்பே அங்கே பட்டையை மறைத்துவிடும்.

விரித்து நிறம் கொடுத்தபின், `Add Noise`-இல் `Gaussian`, `Monochromatic` வைத்து ஒரு சதவீதமோ அதற்கும் குறைவோ துகள் தூவுங்கள். நூறு சதவீதப் பார்வையில் துகளாகத் தெரியாமல், பட்டையும் தெரியாமல் போகும் அளவுதான் சரி. வழித்த இடமும் நெசவு உள்ள இடமும் வேறு வேறு படங்கள் போலத் தோன்றாமல் இந்தத் துகளே இணைத்தும் வைக்கும்.

முகத்துக்கு வழி வேறு. துணியைப் போல ஒரே நிறத்தைப் பூச முடியாது. நெற்றிக்கும் கன்னத்துக்கும் மூக்கு நுனிக்கும் நிறம் வேறு, அந்த வேறுபாடுதான் உயிர். எனவே எந்த நிறத் திருத்தமும் செய்வதற்கு முன், முகத்தின் நகலை மேல் லேயராக வைத்து, `Color` முறைக்கு மாற்றி, அந்த நகலை மட்டும் மங்கலாக்குங்கள். வெளிச்சம் கீழ் லேயரிலிருந்து வருவதால் தோலின் துளைகளும் ரோமமும் அப்படியே கூர்மையாக இருக்கும். நிறம் மட்டும் கரைந்து சீராகும். கட்டம் 16 பிக்ஸல் என்பதால் அதே அளவு ஆரத்தில் தொடங்கிப் பார்க்கலாம். உதடு, கண், பொட்டு, முடியோரம், நகை ஆகியவற்றை மாஸ்க்கில் விலக்காவிட்டால் உதட்டின் சிவப்பு மோவாயில் கசியும். முகம் படத்தில் சிறிதாக இருந்தால் ஆரத்தையும் குறைக்க வேண்டும். இதன் பிறகே ஊதாவை விலக்கும் கர்வ்ஸ்.

நெற்றியின் பளபளப்பில் சிவப்பு 255-இல் முட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். முட்டியிருந்தால் அங்கே விவரம் இல்லை. நிறத்தை மாற்றும்போது ஓரம் வெட்டினாற்போல ஒரு திட்டு நிற்கும். எந்த ஃபில்டரும் அதை மீட்காது. திருத்தம் அந்த இடத்தை நெருங்க நெருங்கக் குறைந்து மறையும்படி மாஸ்க்கின் ஓரத்தை அகலமாக மென்மையாக்குவதுதான் வழி.

கடைசிப் படியில்தான் நல்ல வேலைகள் பல கெடுகின்றன. லேயர்களோடு 16 பிட் கோப்பை நேராக எட்டு பிட்டுக்கு மாற்றினால், ஃபோட்டோஷாப் திருத்த லேயர்களை எட்டு பிட்டில் மறுபடி கணக்கிடும். பட்டைகள் திரும்பி வரும். லேயர் உள்ள கோப்பைத் தனியாகச் சேமித்துவிட்டு, `Flatten Image` செய்த நகலை மட்டும் எட்டு பிட்டாக்குங்கள். `Color Settings`-இல் `Use Dither` இயக்கத்தில் இருக்கட்டும். சேமிக்கும்போது தரம் 10-க்குக் கீழே போகாதீர்கள். தரம் குறைந்தால் நாம் தூவிய நுண்துகளைத்தான் ஜேபெக் முதலில் வழித்தெறியும். அதற்குப் பின்னால் மறைந்திருந்த படிகள், இம்முறை 8-க்கு 8 கட்டங்களாக, மறுபடி தெரியும். கிம்ப்பில் ஏற்றுமதி செய்யும்போது நிறத்தைப் பாதியாக்காத 4:4:4 தேர்வை எடுங்கள்.

கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாகப் போனால் அது இன்னொரு முறை சுருக்கப்பட்டுவிடும்.