ஒரே கட்டத்தில் விழும் விரல்

பாடாலூரில் சின்ன வெங்காயம் பயிரிடும் என் உறவினர் ஒருவரின் கைப்பேசிக்கு, விற்பனை அனுபவம் பற்றிய வினாப்பட்டியல் ஒன்று வந்தது. பன்னிரண்டு கூற்றுகள், ஒவ்வொன்றின் எதிரே, 'முற்றிலும் ஏற்கிறேன்' தொடங்கி ஐந்து கட்டங்கள். நான்காம் கூற்றுக்கு நகர்த்தியதும் கட்டங்களின் தலைப்புகள் திரைக்கு மேலே மறைந்துவிட்டன. அதன்பின் எல்லாவற்றுக்கும் இரண்டாவது கட்டத்தையே தொட்டார். 'வியாபாரி சரியாக எடை போடுகிறார்', 'எடையில் ஏமாற்றப்படுகிறேன்' ஆகிய இரண்டையும் அவர் ஏற்றதாகப் பதிவாயிற்று.

பிழை அவருடையதன்று. 1932-இல் ரென்சிஸ் லிக்கர்ட் முன்வைத்த அளவுகோல் காகித யுகத்தைச் சேர்ந்தது. அதை அட்டவணையாக விரிக்க அகலமான தாள் வேண்டும்; உள்ளங்கைத் திரை போதாது.

திரைக்கு ஒரு கூற்று, அதன்கீழ் முழுச் சொற்களில் ஐந்து விடைகள் என அமைத்தால் தலைப்பு மறையாது. ஆயினும் களைத்த விரல் அங்கும் ஒரே இடத்தில் விழும். எனவே எண்ணிக்கையையே குறைக்க வேண்டும். பன்னிரண்டு கூற்றுகளை நான்கு நான்காக மூன்று தொகுதிகளாக்கி, ஒவ்வொருவருக்கும் குலுக்கல் முறையில் இரண்டு தொகுதிகளை மட்டும் தரலாம். முந்நூறு பேரிடம் கேட்டால் ஒவ்வொரு கூற்றுக்கும் ஏறத்தாழ இருநூறு விடைகள் கிடைக்கும். துல்லியம் சற்றுக் குறையும்; நான் அந்த இழப்பையே தேர்வேன்.

ஒரே விடை வந்தாலே அதைக் கழித்துவிடவும் கூடாது. எல்லாக் கூற்றுகளும் ஒரே திசையில் இருந்தால், மனநிறைவுள்ள விவசாயி உண்மையாகவே அப்படிச் சொல்லியிருக்கலாம். எடை பற்றியதைப் போன்ற முரண்கூற்று ஒன்று இருந்தால்தான் வேறுபாடு புலப்படும்.