மாதவிடாய் வகுப்பு: 45 நிமிடத்துக்கு ஒரு திட்டம்

பள்ளியில் வளரிளம் பெண்களுக்கு மாதவிடாய்ச் சுகாதாரம் கற்பிக்கும் சமுதாய நலச் செவிலியருக்குப் பெரும்பாலும் ஒரு பாடவேளைதான் கிடைக்கும். 45 நிமிடத்தில் ‘விழிப்புணர்வு ஊட்டுதல்’ என்று பொத்தாம்பொதுவாக நோக்கம் எழுதிக்கொண்டால், பாடம் புரிந்ததா என்று கண்டறிய வழியிருக்காது. மாணவி நாப்கினைப் பொருத்திக் காட்ட வேண்டும், சுழற்சியை நாட்காட்டியில் எண்ண வேண்டும், எப்போது மருத்துவரிடம் போவது என்று சொல்ல வேண்டும். இந்த மூன்றும் போதும்.

முதல் ஐந்து நிமிடம் துண்டுச்சீட்டுகளுக்கு. பெயர் எழுதாமல் ஆளுக்கொரு கேள்வி எழுதிப் பெட்டியில் போட வேண்டும். கேள்வி இல்லாதவர்களும் ‘இல்லை’ என்றாவது எழுத வேண்டும். இல்லாவிட்டால் எழுதுகிறவள் யார் என்று வகுப்புக்கே தெரிந்துவிடும். அடுத்த பத்து நிமிடத்தில் கருப்பை, சினைப்பை, உள்வரிச் சவ்வு உதிர்வது ஆகியவற்றைப் படத்தில் விளக்கலாம்.

வகுப்பின் உயிர்நாடி செய்முறைதான். அதற்கு 15 நிமிடமாவது வேண்டும். மேசைமேல் உள்ளாடை, நாப்கின், பருத்தித் துணி, பழைய செய்தித்தாள் இருக்கும். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, சிவப்புநீரை நாப்கினில் ஊற்றினால் கறை அகலமாகப் பரவும். ஒரு மாதவிடாய் முழுவதற்கும் சராசரியாக வெளியேறுவது 30 முதல் 40 மில்லிதான் என்பதை அப்போது சொன்னால் ‘உடம்பு ரத்தமெல்லாம் போகிறது’ என்ற பயம் குறையும். நாப்கினை நான்கு முதல் ஆறு மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கழிப்பறைக்குள் போடக் கூடாது. துணி பயன்படுத்துபவர்கள் சோப்புப் போட்டு அலசி வெயிலில் காயவைக்க வேண்டும். வெட்கப்பட்டு வேறு துணிக்கு அடியில் மறைத்து உலர்த்துவது பல வீடுகளில் நடப்பது. ஈரம் போகாத துணி தோல் எரிச்சலுக்கும் தொற்றுக்கும் இடம் கொடுக்கும். இதைக் கண்டிப்பதைவிட, கொடியில் மேலே மெல்லிய துணி விரித்தாலும் வெயிலும் காற்றும் படும் என்று வழி சொல்வது பலன் தரும்.

பிறகு நாட்காட்டி. ஒரு மாணவிக்கு ஜூன் 4, ஜூலை 12, ஆகஸ்ட் 7 ஆகிய நாட்களில் மாதவிடாய் தொடங்கியது என்று வைத்துக்கொண்டால் இடைவெளி 38 நாள், 26 நாள். ரத்தப்போக்கு நின்ற நாளிலிருந்து எண்ணுவது வழக்கமான பிழை. தொடங்கிய நாளிலிருந்து அடுத்த தொடக்கம்வரை எண்ண வேண்டும். வளரிளம் பருவத்தில் 21 முதல் 45 நாள் வரை இயல்பே என்பதால் இவளுக்குக் கவலையில்லை. ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஓரிரு மணிக்குள் நாப்கின் நனைந்துகொண்டே இருந்தாலோ, வலியால் பள்ளிக்கு வர முடியாவிட்டாலோ, 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

மிஞ்சிய நேரத்தில் சீட்டுகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, இரண்டு மூன்று மாணவிகளை அழைத்து நாப்கினைப் பொருத்திக் கழற்றச் சொல்லலாம். கையைக் கழுவாமல் தொடுகிறார்களா, ஒட்டும் பக்கத்தைத் தலைகீழாக வைக்கிறார்களா, செய்தித்தாளில் சுற்றாமல் தொட்டியில் போடுகிறார்களா என்பதைக் கவனித்தாலே எந்தப் பகுதியை மீண்டும் நடத்த வேண்டும் என்று செவிலியருக்குத் தெரிந்துவிடும்.