பதில் வராத வகுப்பும் ஒரு பழைய கேள்வி நோட்டும்

பல்லடம் பக்கத்தில் விசைத்தறிகள் நிறைந்த ஓர் ஊரில், பி.எஸ்சி. கணிதம் முடித்த இளம்பெண் ஒருவர் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 14 பேர் வருகிறார்கள். பெற்றோரில் பலர் தறிக்குடோனில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளைகள் நேரத்துக்கு வருவார்கள், சொன்னதை எழுதுவார்கள், சத்தம் போடமாட்டார்கள். கேள்வி கேட்டால் மட்டும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுதுங்கக்கா" என்று ஒரே குரலில் வரும். "எப்படி வந்துச்சு, சொல்லு" என்றால் தலை குனியும். மாதத் தேர்வில் தசம எண் கணக்குகளை முக்கால்வாசிப் பேர் தப்பாகப் போட்டிருந்தார்கள். திரும்ப நடத்தினார். திரும்பவும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

அதே தெருவில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் இருக்கிறார். நடுநிலைப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் டீச்சர், இந்தப் பெண்ணின் அம்மாவுக்கும்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, பீரோவிலிருந்து பழுப்பேறிய ஒரு நீள நோட்டை எடுத்துக் கொடுத்தார். "இதுல கணக்கு இல்ல கண்ணு, கேள்விதான் இருக்கு. வலது பக்கத்தை முதல்ல படி" என்றார்.

நோட்டின் இடது பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி இருக்கும். வலது பக்கத்தில் அந்தக் கேள்விக்குப் பல வருஷங்களாகப் பிள்ளைகள் சொன்ன தப்பான பதில்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே அந்தப் பிள்ளை என்ன நினைத்து அப்படிச் சொன்னது என்ற குறிப்பு. விடைத்தாள் திருத்தும்போது சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுவிட்டு நகர்வதுதான் வழக்கம். இவர் மறுநாள் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, எப்படி யோசித்தாய் என்று கேட்டு எழுதி வைத்திருக்கிறார். அப்படிச் சேர்ந்த தப்புகளிலிருந்துதான் கேள்விகளை உருவாக்கியிருக்கிறார். அதனால் ஒவ்வொரு கேள்வியிலும், எந்தப் பதில் வந்தால் எந்தத் தவறான எண்ணம் உள்ளே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இதுதான் அந்த நோட்டின் சாரம் என்று நினைக்கிறேன்.

தசம எண் பக்கத்தில் இருந்த கேள்வி மிகச் சின்னது. 0.45, 0.5, இரண்டில் எது பெரியது? கேட்கும் முறையும் பக்க ஓரத்தில் எழுதியிருந்தது. கேள்வியைப் பலகையில் எழுதி ஒரு தரம் மட்டும் படிக்க வேண்டும். யாரும் கை தூக்கக் கூடாது. எல்லாரும் சிலேட்டில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். சொன்னதும் ஒரே நேரத்தில் திருப்பிக் காட்ட வேண்டும். காட்டும்போது ஆசிரியரின் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது.

சிலேட்டைக் கவிழ்ப்பதற்குக் காரணம் உண்டு. சேர்ந்து பதில் சொல்லும் வகுப்பில் உண்மையில் முதலில் சொல்வது இரண்டு மூன்று பிள்ளைகள்தான். மற்ற குரல்கள் அரை விநாடி பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். கூர்ந்து கேட்டால் அந்த இடைவெளி காதுக்குத் தெரியும். கை தூக்கச் சொன்னாலும் அதே இரண்டு மூன்று கைகள்தான் எழும். கவிழ்ந்த சிலேட்டில் பின்தொடர யாரும் இல்லை. வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளையும் ஓர் எண்ணை எழுதிவிடும்.

முதல் நாள் 14 சிலேட்டுகளில் ஒன்பதில் 0.45 பெரியது என்று இருந்தது, ஐந்தில் 0.5. இதற்கான வலப்பக்கக் குறிப்பை அந்தப் பெண் ஏற்கெனவே படித்திருந்தார். ஒன்பது பேரும் புள்ளியை விட்டுவிட்டு 45, 5 என்று முழு எண்களாகப் படிக்கிறார்கள். இலக்கம் அதிகமாக இருந்தால் எண் பெரியது என்பது ஒன்றாம் வகுப்பிலிருந்து அவர்களைக் கைவிடாத விதி. இங்கேதான் முதல் முறையாகக் கைவிடுகிறது.

ஐந்து பேராவது சரியாக எழுதினார்களே என்ற நிம்மதியை அடுத்த வரி கெடுத்தது. "சரியா எழுதினவங்களை நம்பாதே. 0.75, 0.5 கேள்" என்று எழுதியிருந்தது. கேட்டார். 12 பேர் 0.75 என்று சரியாக எழுதினார்கள். முன்பு சரியாக எழுதிய ஐந்து பேரில் இரண்டு பேர் இப்போது 0.5 பெரியது என்றார்கள். ஏன் என்று கேட்டால், "நூறு பங்கா வெட்டினா துண்டு சின்னதாத்தானுங்க இருக்கும்" என்றான் ஒருவன். துண்டு சின்னது என்பது உண்மைதான். எத்தனை துண்டு என்பதை அவன் பார்க்கவில்லை. புள்ளிக்குப் பின் இலக்கம் கூடினாலே எண் சின்னது என்று அவனாக ஒரு விதி வைத்திருக்கிறான். அந்த விதி முதல் கேள்வியில் அவனுக்குச் சரியான பதிலைத் தந்துவிட்டது.

இந்த இரண்டாவது கேள்வியை மட்டும் கேட்டிருந்தால் 14க்கு 12 பேர் சரி, பாடம் புரிந்துவிட்டது என்று அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டிலும் சரியாக எழுதியவர்கள் மூன்றே பேர். தேர்வுத் தாளில் கிடைக்கும் மதிப்பெண் பல நேரம் இப்படித்தான் நம்மை ஏமாற்றுகிறது. தவறான விதியும் சில கணக்குகளில் சரியான விடையைத் தரும் என்பதைப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேச்சைத் தொடங்க நோட்டில் இருந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. வேறு வேறு பதில் எழுதிய இரண்டு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒருவரையொருவர் ஒப்புக்கொள்ள வைக்கச் சொல்வது முதல் படி. அடுத்து வகுப்புக்குப் பொதுவாக, "0.45ன்னு எழுதினவங்க என்ன நினைச்சு எழுதியிருப்பாங்க?" என்று கேட்க வேண்டும். நீ ஏன் அப்படி எழுதினாய் என்று ஒருவரைச் சுட்டிக் கேட்டால் அது விசாரணை ஆகிவிடும். யாரோ ஒருவரின் யோசனையை ஊகித்துச் சொல்வதில் யாருக்கும் வெட்கமில்லை. தன் யோசனையையே அடுத்தவருடையது போலச் சொல்லிவிடலாம். அந்த வகுப்பில் முதல் குரல் இந்தக் கேள்விக்குத்தான் வந்தது.

பிறகு தையல்காரர் டேப்பை விரித்தார்கள். ஒரு மீட்டரில் 0.5 எங்கே, விரல் வை. 50 சென்டிமீட்டரில் விரல்கள் நின்றன. 0.45 எங்கே? ஐந்து சென்டிமீட்டர் முன்னால். துணியோடு வளர்ந்த பிள்ளைகள், அரை மீட்டர் எவ்வளவு என்று கைக்கே தெரியும். பத்தில் ஐந்தும் நூறில் ஐம்பதும் ஒரே இடத்தில் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, 0.5க்குப் பின்னால் ஒரு பூஜ்யம் போட்டு ஒப்பிடுவது அர்த்தமுள்ள வேலையாகிவிடுகிறது. அதைச் சூத்திரமாக முதலிலேயே சொல்லிக் கொடுத்திருந்தால் பிள்ளைகள் பூஜ்யம் போடுவார்கள், ஏன் என்று தெரியாது. ரூபாயை வைத்து விளக்குவதைப் பற்றி டீச்சர் எச்சரித்திருக்கிறார். 3.5 ரூபாயை மூன்று ரூபாய் ஐந்து பைசா என்று படிக்கும் பிள்ளைகள் நிறைய.

எல்லாம் இப்படியே நன்றாக நடக்கவில்லை. உற்சாகத்தில் ஒரே சாயங்காலம் ஐந்து கேள்விகள் கேட்டார், பிள்ளைகள் பழையபடி அடங்கிப்போனார்கள். இன்னொரு நாள் கேள்வி கேட்டதும் பதிலுக்கு நிற்காமல் அதையே வேறு வார்த்தையில் திரும்பக் கேட்டு, பிறகு குறிப்புக் கொடுத்து, கடைசியில் விடையையும் தானே சொல்லிவிட்டார். டீச்சரிடம் போய் நின்றார். "ஏனுங்க டீச்சர், அமைதியா இருந்தா எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றார். "ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும். கேட்டுட்டு மனசுக்குள்ள அஞ்சு எண்ணு. பதில் வந்த பிறகும் அஞ்சு எண்ணு" என்றார் டீச்சர்.

இதே விஷயத்தை அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் தொடக்கப் பள்ளி வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு அளந்தார். 1970களில் வெளியான அவருடைய கட்டுரைகளின்படி, கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி அளவுதான். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, பதிலே வராமல் போவது குறைந்தது, மெதுவாகப் படிப்பவர்கள் என்று கருதப்பட்ட பிள்ளைகள் கூடுதலாகப் பேசினார்கள். பிள்ளை பேசி முடித்த பிறகு விடும் இடைவெளியும் முக்கியம் என்று அவர் கண்டார். டீச்சருடைய இரண்டாவது "அஞ்சு எண்ணு" அதுதான். அந்த நேரத்தில் பிள்ளை "ஏன்னா" என்று தன் வாக்கியத்தைத் தொடரும். நாம் உடனே "வெரி குட்" என்றால் அது அங்கேயே நின்றுவிடும்.

காத்திருப்பது எல்லா அமைதிக்கும் மருந்தாகாது. பிள்ளையின் கண் எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறது நோட்டு. சிலேட்டையோ பலகையையோ பார்த்தால் யோசிக்கிறது, விட்டுவிடு. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தால் கேள்வியே புரியவில்லை, சொற்களை மாற்று. தரையைப் பார்த்தால் பயம், அன்றைக்கு அதை வாய்விட்டுப் பேசச் சொல்லாதே, சிலேட்டில் எழுதியதே போதும். ஒன்பதேழு எவ்வளவு என்பது போல நினைவிலிருந்து சொல்லும் கேள்விக்குக் காத்திருந்து பயனில்லை. தெரிந்தால் உடனே வரும், தெரியாவிட்டால் வராது.

சொற்கள் புரியாத அமைதியை இந்தப் பெண் நோட்டிலேயே சந்தித்தார். தபால் அட்டை விலையை வைத்து எழுதிய ஒரு கேள்விக்கு எல்லாக் கண்களும் பக்கவாட்டில் போயின, தபால் அட்டையை அவர்கள் வாங்கியதே இல்லை. அதை எடுத்துவிட்டு, ஒரு நாளைக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜ் நல்லதா, 1.45 ஜிபி தந்தால் நல்லதா என்று கேட்டார். பதில்கள் பிரிந்தன, சத்தமும் வந்தது.

இப்போது கூட்டல் நடக்கிறது. 0.3, 0.9 இரண்டையும் கூட்டச் சொன்னால் 0.12 என்று எழுதிய சிலேட்டுகள் ஆறு. புள்ளிக்கு வலப்பக்கம் தனி எண் என்று மூன்றையும் ஒன்பதையும் கூட்டி 12 ஆக்கியிருக்கிறார்கள். தப்பு என்று சொல்லலாமா என்று டீச்சரிடம் கேட்டதற்கு, "0.12 பெருசா 0.9 பெருசான்னு மட்டும் கேளு. அதை டேப்ல காட்டச் சொல்லு" என்றார். மறுநாள் டேப்பில் 12 சென்டிமீட்டரில் ஒரு விரலும் 90இல் ஒரு விரலும் நின்றன. தொண்ணூறோடு இன்னும் முப்பதைச் சேர்த்தால் எப்படிப் பன்னிரண்டாகக் குறையும் என்று ஒரு பையன் ஆரம்பித்தான். விடை டேப்பின் முதல் மீட்டரைத் தாண்டிப் போகிறது என்றாள் பக்கத்திலிருந்தவள். எத்தனை சென்டிமீட்டர் தாண்டும், அதைப் புள்ளி வைத்து எப்படி எழுதுவது என்று வாக்குவாதம் வகுப்பு முடியும் நேரம்வரை ஓடியது. 1.2 என்று எழுதியவர்களும் 1.20 என்று எழுதியவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டதால், இரண்டும் ஒன்றா என்பது திங்கட்கிழமைக் கேள்வியாகிவிட்டது.