அண்ணாச்சி கடைக்கு ஒரு கடிதம்

பொங்கல் நெருங்கினால் தூத்துக்குடிப் பக்கத்துக் கடைகளில் நன்கொடைக் கடிதங்கள் சேர்ந்துவிடும். கோயில் கொடை, கபடிப் போட்டி, எதுவானாலும் முடிவு ஒன்றுதான்: ‘தங்களால் இயன்ற உதவியைச் செய்ய வேண்டுகிறோம்.’ இயன்றது என்று கேட்டால் கடைக்காரர் இருநூறு ரூபாயை எடுத்து நீட்டுவார். அதை வைத்து அணிக்கு ஜெர்சி தைக்க முடியாது.

ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருப்பவருக்கு ஒரு கிராமத்துக் கபடிக் குழுச் செயலாளர் இப்படி எழுதலாம்:

“மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம். பொங்கலையொட்டி நம் பையன்கள் பக்கத்து ஊர்களில் மூன்று போட்டிகளில் ஆடுகிறார்கள். களத்தில் 7 பேர், மாற்று ஆட்டக்காரர்கள் 5 பேர், ஆக 12 பேருக்கு ஜெர்சியும் ஷார்ட்ஸும் வேண்டும். செட் 450 ரூபாய் வீதம் மொத்தம் 5,400 ரூபாய். பிரிண்டிங் கடையின் விலைச்சீட்டை இணைத்திருக்கிறேன். பணத்தை நீங்களே அந்தக் கடையில் கட்டிவிடலாம். முதுகில் எண்ணுக்கு மேலே உங்கள் கடைப் பெயர் வரும். வேறு எந்தக் கடையின் பெயரும் ஜெர்சியில் இருக்காது.”

இதில் கடைக்காரரின் மனத்தைத் தொடுவது பணத்தை அவரே கட்டலாம் என்ற வரிதான். ‘காசு யார் கைக்குப் போகிறது?’ என்ற கேள்வியை அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார். கேட்காமலே பதில் கிடைத்துவிடுகிறது. ஒரே கடை என்ற உறுதியும் முக்கியம். ஐந்து பேரிடம் ஆயிரம் ஆயிரமாக வாங்கி ஐந்து பெயரையும் அச்சடித்தால், ஓடுகிற ஆட்டக்காரன் முதுகில் எதையும் படிக்க முடியாது.

பெயர் வரும் இடத்தை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. கபடி விதிப்படி ஜெர்சியின் முன்புறம் 4 அங்குலமும் பின்புறம் 6 அங்குலமும் உயரமுள்ள எண் வேண்டும். கடைக்காரர் போன் நம்பர், முகவரி என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சொன்னால் எண் சுருங்கும், நடுவர் ஆட்சேபிப்பார்.

இன்னொன்று துணி. கபடியில் பாடி வருபவனைப் பிடிக்கும் கை இடுப்புக்கும் போகும், சட்டைக்கும் போகும். தொளதொள ஜெர்சி எதிரணிக்குக் கைப்பிடியாகிவிடும். மெல்லிய துணியோ அக்குள் தையலில் முதல் போட்டியிலேயே கிழியும், கடைப் பெயரோடு சேர்ந்து. அதனால் விலையைக் குறைத்துக் கேட்டு மட்டத் துணி வாங்குவது இரு தரப்புக்கும் நஷ்டம். இரட்டைத் தையல் போடச் சொல்லி, ஒவ்வொருவர் அளவையும் எடுத்த பிறகே விலைச்சீட்டு வாங்க வேண்டும்.

கார்த்திகையிலேயே கடிதத்தோடு நேரில் போய்விடுங்கள், மதியம் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து. அச்சுக்குப் போகும் முன் கடைப் பெயரை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். போட்டி முடிந்ததும் அணியின் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.