கல்யாணப் பத்திரிகை அடிக்கும் முன்: டிசைன் நம்ம கையில், பிரஸ் அவங்க கையில்



சிதம்பரம் பக்கத்துக் குழு ஒன்றில் நடந்ததைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் குழுவில் இரண்டு பேர் கேன்வாவில் பத்திரிகை டிசைன் செய்து, டவுனில் உள்ள ஒரு பிரஸ்ஸில் அடித்துக் கொடுக்கிறார்கள். புவனகிரி பக்கமிருந்து 250 பத்திரிகைக்கு ஆர்டர் வந்தது. முந்தைய மாதம் செய்த டிசைனையே காப்பி எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றினார்கள். பழைய பத்திரிகையில் தாத்தா பெயருக்கு முன்னால் "தெய்வத்திரு" என்று இருந்தது. பெயர் மாறியது, அந்த ஒரு சொல் மாறவில்லை. புதுப் பத்திரிகையின் தாத்தா திண்ணையில் நல்லபடியாக உட்கார்ந்திருக்கிறார்!

வீட்டில் பெரிய சண்டை. பத்திரிகையைத் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று. பிரஸ்காரர், "நீங்க அனுப்பினதைத்தான் அடிச்சேன்" என்றார். அவர் சொன்னது நியாயம். வாடிக்கையாளரும் நியாயம். ஒரு ஷீட்டுக்கு 25 ரூபாய், 65 ஷீட், மொத்தம் 1,625 ரூபாயைக் குழு கட்டியது. டிசைனுக்கு வாங்கிய கூலி 600 ரூபாய். நானும் அன்று அந்தக் குழுவோடு இருந்தேன். "எதுவும் எழுதி வாங்கலையா?" என்று கேட்டேன். வாங்கவில்லை. வாங்கச் சொல்லிக் கொடுக்காதது என் தவறும்தான்.

இந்தத் தொழிலில் டிசைன் போடுவது சீக்கிரம் வந்துவிடும். காசு நிற்பதும் போவதும் மூன்று இடங்களில்: மேட்டர் வாங்கும்போது, ஃபைலைப் பிரஸ்ஸுக்குக் கொடுக்கும்போது, புரூஃப் பார்க்கும்போது. அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

மேட்டரை வாய்வழியாக வாங்காதீங்க. போனில் சொன்னார்கள், வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார்கள் என்பதெல்லாம் பின்னால் நிற்காது. ஒரு தாளில் அவர்கள் கையாலேயே எழுதி வாங்கணும். இனிஷியல், படிப்பு, ஊர், யார் பெயர் முதலில், தாய்மாமன் பெயர் எங்கே என்று அவர்களே வரிசை போட்டுக் கொடுக்கட்டும். எந்தப் பெயர் விட்டுப்போனாலும் கல்யாணத்தன்று பந்தியில் அது பேச்சாகும். அதை முடிவு பண்ணும் வேலை நமக்கு வேண்டாம். காலமானவர்கள் யார் என்று தனியாகக் கேட்டு, அந்தப் பெயர்களுக்கு அடியில் கோடு போட்டு வாங்குங்க.

அடுத்தது தேதி. நம் பத்திரிகையில் தமிழ் வருடம், தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை என்று நான்கு இருக்கிறது. நான்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகணும். ஒரு கணக்கு பாருங்க. 2026-இல் தை முதல் தேதி ஜனவரி 15, வியாழக்கிழமை. அப்படியானால் தை 15 என்பது ஜனவரி 29, அதுவும் வியாழன். மேட்டரில் "தை 15, 28.01.2026" என்று இருந்தால் ஏதோ ஒன்று தப்பு. எது தப்பு என்று நாம் ஊகிக்காமல் அவர்களையே காலண்டர் பார்த்துச் சொல்லச் சொல்லணும். வருடப் பெயரிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. சித்திரையில் வருடம் மாறிவிடும். 2026 ஜனவரியில் நடக்கும் கல்யாணத்துக்கு விசுவாவசு வருடம், அதே 2026 மே மாதக் கல்யாணத்துக்குப் பராபவ வருடம். பழைய டிசைனைக் காப்பி எடுத்தால் பழைய வருடம் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதனால் இப்போது அந்தக் குழுவில் காப்பி எடுத்ததும் எழுத்து எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். பூவும் பார்டரும் மட்டும் மிச்சம். பிறகு முதலிலிருந்து டைப் அடிக்கிறார்கள். அரை மணி நேரம் கூட ஆகும், ஆகட்டும்.

இடத்தையும் முழுசாகக் கேளுங்க. நம் கடலூர் பக்கம் திருவந்திபுரத்தில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு, வரவேற்பை முதல் நாள் சாயங்காலம் சிதம்பரத்தில் வைப்பவர்கள் உண்டு. முகூர்த்த நாளில் திருவந்திபுரத்தில் ஒரே காலையில் எத்தனையோ கல்யாணம். "திருவந்திபுரம்" என்று மட்டும் போட்டால் வந்தவர்கள் மண்டபம் மண்டபமாக அலைவார்கள். மண்டபத்தின் பெயர் வேணும். வரவேற்பின் தேதி, கிழமையைத் தனி வரியில் போடணும், இல்லையென்றால் இரண்டும் ஒரே நாள் என்று நினைத்துவிடுவார்கள்.

இப்போது ஃபைல். கேன்வாவில் புது டிசைன் திறக்கும் முன் பிரஸ்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்க: எந்தக் கவர் கையிருப்பில் இருக்கு? எந்த அளவு ஷீட்டில் அடிப்பீங்க? அளவை நாமாக முடிவு பண்ணிவிட்டுக் கவர் தேடினால் கிடைக்காது. டிஜிட்டல் பிரிண்டில் 12-க்கு 18 அங்குல ஷீட் சகஜம். 5-க்கு 7 அங்குலக் கார்டு அதில் நான்குதான் உட்காரும், ஒரு பக்கம் தாள் வீணாகும். அதையே 3.6-க்கு 8.5 அங்குலம் என்று நீளக் கார்டாகப் போட்டால் அகலத்தில் மூன்று, நீளத்தில் இரண்டு, ஆக ஆறு. 312 கார்டு வேணுமென்றால் முதல் அளவுக்கு 78 ஷீட், இரண்டாவதுக்கு 52 ஷீட். அதே 25 ரூபாய் விலையில் 1,950-க்குப் பதில் 1,300 ரூபாய். டிசைன் அதே டிசைன்தான், 650 ரூபாய் மிச்சம். மெஷின் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் அடிக்கும், அதனால் "இந்த அளவு ஆறு விழுமா?" என்று பிரஸ்ஸில் உறுதி பண்ணிக்கிட்டுத் தொடங்குங்க.

அளவைக் கேன்வாவில் Custom size என்ற இடத்தில் அங்குலத்திலேயே கொடுக்கலாம். Show print bleed என்பதை ஆன் பண்ணினால் ஓரத்தில் ஒரு கோடு தெரியும். பின்னணிக் கலரையும் பார்டரையும் அந்தக் கோட்டைத் தாண்டி ஓரம் வரை இழுத்துவிடணும். கட்டிங் மெஷின் ஒரு நூல் தள்ளி வெட்டினாலும் வெள்ளைக் கோடு தெரியாமல் இருக்க அந்த 3 மில்லிமீட்டர்தான் காப்பாற்றும். எழுத்தோ ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். கிரீடம் போட்ட படங்கள் காசு கட்டினவர்களுக்கானவை, அதைத் தொடாமல் இலவசமாக உள்ளதையே எடுங்க.

தமிழ் எழுத்துதான் நம்மைப் பலமுறை கவிழ்க்கிறது. கேன்வாவில் நாம் அடிப்பது யூனிகோடு. தமிழ்நாடு அரசு 2010-இலேயே இதை ஏற்றுக்கொண்டது. ஆனால் பல பிரஸ்ஸுகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில், பழைய கோரல் டிராவில்தான் வேலை. நாம் அனுப்பின ஃபைலை அதில் திறந்து ஒரு கமாவைத் திருத்தப் போனாலும், கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்துவிடும், அல்லது கட்டம் கட்டமாகத் தெரியும். "கொ", "ஸ்ரீ", "க்ஷ" இருக்கும் வார்த்தைகளை முதலில் பாருங்க, உடைந்தால் அங்கேதான் முதலில் தெரியும். இதற்கு வழி, Download போகும்போது PDF Print என்று தேர்ந்தெடுத்து, Flatten PDF என்பதிலும் டிக் போடுவது. எழுத்து படமாக மாறிவிடும், யார் திறந்தாலும் உடையாது. திருத்தம் எதுவானாலும் பிரஸ்ஸில் செய்யக்கூடாது, நம்மிடம் திரும்பி வரணும். இதைப் பிரஸ்காரரிடம் முதல் நாளே சொல்லி வையுங்க. ஃபைலை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீங்க, அது அளவைக் குறைத்து மங்கலாக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பணும், இல்லை பென் டிரைவ்.

கலர் பற்றி ஒன்று. போனில் பளபளக்கும் கிளிப்பச்சையும் ரோஸும் தாளில் அடங்கித்தான் வரும். போனில் தெரியும் தங்கக் கலர் தாளில் கடுகு நிறமாக வரும். உண்மையான தங்க மினுமினுப்புக்கு ஃபாயில் அடிக்கணும், அது தனிச் செலவு. "போனில் பார்த்த மாதிரியே வரும்" என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீங்க.

அதனால்தான் புரூஃப். போனில் காட்டி "ஓகே" வாங்கினது புரூஃப் ஆகாது. அதே பிரஸ்ஸில், அதே தாளில் ஒரே ஒரு ஷீட் அடித்து, வெட்டி, கையில் கொடுங்க. அந்த வீட்டுக்காரர் சத்தம் போட்டு வாசிக்கணும், நம்மில் ஒருத்தி அவர்கள் எழுதிக் கொடுத்த தாளை வைத்துச் சரிபார்க்கணும். கண்ணால் படித்தால் பழகின பெயரில் பிழை தெரியாது. பிறகு அந்தக் கார்டின் பின்னால் "சரிபார்த்தேன், அடிக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்து, தேதி. அந்தக் கார்டைக் கல்யாணம் முடியும்வரை குழு நோட்டில் ஒட்டி வையுங்க.

பிரஸ்காரரோடு ஒரு பக்க ஒப்பந்தம் போதும். புவனகிரி விஷயத்துக்குப் பிறகு அந்தக் குழு எழுதிக்கொண்டது இப்படி: ஷீட் விலையில் தாள், அடிப்பது, வெட்டுவது எல்லாம் சேர்ந்தது. புரூஃப் ஷீட்டுக்குத் தனிக் காசு இல்லை. கையெழுத்துப் போட்ட புரூஃபில் உள்ளபடியே வந்து, பிறகு பிழை தெரிந்தால் செலவு கையெழுத்துப் போட்ட வாடிக்கையாளருடையது. நாம் புரூஃப் காட்டாமல் அடிக்கச் சொன்னால் செலவு குழுவுடையது. புரூஃபுக்கு மாறாக வந்தாலோ, கலர் ஷீட்டுக்கு ஷீட் மாறினாலோ, கோணலாக வெட்டினாலோ செலவு பிரஸ்ஸுடையது. முதல் இரண்டையும் வாடிக்கையாளருக்கு ஆர்டர் எடுக்கும்போதே படித்துக் காட்டிவிடுகிறார்கள். அச்சுச் செலவு முழுவதும் முன்பணமாக வாங்கின பிறகுதான் புரூஃப். ஆடியிலும் மார்கழியிலும் வேலை இருக்காது, தை பிறந்தால் எல்லோரும் ஒரே வாரத்தில் வருவார்கள். அதனால் தை, ஆவணி ஆர்டருக்கு எத்தனை நாளில் கொடுப்பார் என்பதையும் எழுதி வாங்கினார்கள்.

எல்லா ஆர்டரையும் எடுக்கணும் என்றில்லை. ஆயிரம் பத்திரிகை கேட்டால், சிவகாசி ஆல்பத்தில் பார்த்து வாங்கும் ரெடிமேட் கார்டில் ஒரே கலரில் மேட்டர் அடிப்பது அவர்களுக்கு மலிவு. பலகலர் வேணுமென்றால் ஆஃப்செட். அதற்கு நான்கு பிளேட் போடணும், அந்தச் செலவு நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் ஒன்றுதான். ஆகவே எண்ணிக்கை கூடக்கூட டிஜிட்டல் தோற்கும். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, புதுமனை புகுவிழா என்று நூறு, இருநூறு கேட்கிறவர்களிடம்தான் நம் வேலை நிற்கும். பிள்ளையின் போட்டோ போட்ட கார்டு ரெடிமேடில் கிடைக்காது.

அந்தத் தாத்தாவின் வீட்டார் அடுத்த முறை பேத்திக்குக் காதணி விழா வைத்தபோது அதே குழுவிடம்தான் வந்தார்கள். 120 கார்டு, 20 ஷீட். புரூஃபைத் தாத்தாவே வாங்கி, கண்ணாடி போட்டு, சத்தமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.